வெயிலில் டயர் வெடிப்பது காற்று கூடியதாலா, குறைந்ததாலா?

மே மாத விடுமுறைக்கு மாரியூர் வந்துவிட்டு, சென்னைக்குத் திரும்பும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சாயல்குடி, அருப்புக்கோட்டை தாண்டி மதுரை அருகே டீக்கு நிறுத்துகிறீர்கள். பங்க்கில் காற்று பார்த்தால் 39 பிஎஸ்ஐ காட்டுகிறது. காலையில் பிடித்தது 33 தான். "வெயிலுக்கு ஏறிடுச்சு, கொஞ்சம் இறக்கிடுங்கண்ணே" என்கிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர், ஓடி ஓடி உள்ளே 65 டிகிரியைத் தொட்டால் 38, 39 காட்டும். இது இயல்பு. இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி 33 என்று சொல்கிறது. நல்ல டயர் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். சூட்டில் 33-க்கு இறக்கினால், இரவு ஆறியதும் அது 28 ஆகிவிடும். மறுநாள் அதோடுதான் ஓடப் போகிறீர்கள்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டு ரப்பர் அதிகமாக மடங்கி விரியும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சுடுமே, அதே கதைதான். 100 கி.மீ. வேகம், ஐந்து பேர், டிக்கி நிறைய கருவாடு, லக்கேஜ் என்றால் சூடு வெளியேற நேரமே இல்லை. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழை, கம்பி அடுக்குக்கும் உள்ள ஒட்டு விடுகிறது. டயர் கிழிவது அப்போதுதான்.

அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26. டயர் கம்பெனி பிறகு வற்புறுத்தியது 30. டயரிலும் கோளாறு இருந்தது. ஆனால் சம்பவங்கள் குவிந்தது டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி வெயில் மாநிலங்களில்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. காலையில் 25 மட்டுமே இருந்த டயர், அதிகம் மடங்கிச் சூடானால் மதுரையில் 31 காட்டும். "பரவாயில்லையே" என்று தோன்றும். அதனால் வழியில் எண்ணைப் பார்ப்பதைவிட நான்கையும் ஒப்பிடுங்கள். மூன்று 38, ஒன்று மட்டும் 31 என்றால் அந்த ஒன்றில்தான் பிரச்சினை. சரியான அளவு ஓட்டுநர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும். முழு லோடுக்குத் தனி அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, காலையில் பிடிக்க வேண்டும்.

தேய்மானம் வேறு சங்கதி. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு, டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் 1.6 மி.மீ. தான் மிச்சம், மாற்றியாக வேண்டும். பட்டன் இருந்தும் பழசான டயர் இன்னும் மோசம், ஊரில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் கார்களில் அதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. மயிரிழை வெடிப்போ, புடைப்போ தெரிந்தால் அந்த டயரை நீண்ட பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

வெடித்தே விட்டால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராக இறுகப் பிடித்து ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டலாம்.