ஒன்பது வரியை நான்காக்கியவர்களுக்கு

மதிப்பிற்குரிய பதிப்புத்துறை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் துறை வெளியிட்ட வட்டாரக் கவிதைத் தொகுப்பைப் பற்றி ஏற்கெனவே உங்களுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். நேரிலும் வந்தேன். 'மாணவர்க்கான நூல் என்பதால் மொழி தரப்படுத்தப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இப்போது இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

மெய்ப்பு பார்ப்பது என் தொழில். மெய்ப்புத் திருத்துநரின் கடமை என்ன, எல்லை எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கவிதையை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். எழுதியவர் கரிசல் மண்ணைச் சேர்ந்த என் தோழி. அவர் இன்று இல்லை. கவிதையைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்த அவருடைய மகன், 'உள்ளபடியே அச்சிட வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. 'அப்பத்தா' என்ற அந்தக் கவிதை இதுதான்:

அப்பத்தா
பெய்யும்னு சொன்னா
பெய்யும்

இந்த வருசம்
பெய்ய
ல

கம்மாக்கரையில
ஒத்தையில நிக்கா
மானத்தப் பாத்துக்கிட்டே

உங்கள் நூலில் அச்சாகியிருப்பது இது:

அப்பத்தா பெய்யும் என்று சொன்னால் பெய்யும்
இந்த வருடம் பெய்யவில்லை
கண்மாய்க் கரையில் ஒற்றையில் நிற்கிறாள்
வானத்தைப் பார்த்துக்கொண்டே

கோப்பு மாற்றும்போது கணினி வரிகளைச் சேர்த்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது வரிமுறிவுகள் கரைந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அலுவலகத்தில் எனக்குக் காட்டிய முதல் மெய்ப்பில் ஒன்பது வரிகளும் இரண்டு இடைவெளிகளும் சரியாகவே இருந்தன. வரிகளை இணைக்கச் சொல்லும் வளைகோடுகளைச் சிவப்பு மையில் போட்டது ஒரு மனிதக் கை.

முதலில் 'சொன்னா'வை எடுத்துக்கொள்கிறேன். கரிசல் பேச்சில் 'சொன்னாள்' என்பதும் 'சொன்னா'தான், 'சொன்னால்' என்பதும் 'சொன்னா'தான். அப்பத்தா சொன்னால் பெய்யும் என்பது ஊரின் நம்பிக்கை. அப்பத்தா சொன்னாள், அதனால் பெய்யும் என்பது இந்த வருசத்துச் செய்தி. இரண்டும் ஒரே சொல்லில் நிற்பதால்தான் அடுத்த பத்தியில் மழை பொய்க்கும்போது இரண்டும் சேர்ந்து விழுகின்றன. உங்கள் ஆள் ஓர் 'ல்'லைச் சேர்த்து ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளினார். எது வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்தது தனியாக நிற்கும் அந்த 'ல'. 'பெய்ய' என்ற வரியோடு கண் ஒரு கணம் நிற்கிறது. பெய்யப் போகிறதோ என்ற எதிர்பார்ப்பு அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே வரும் 'ல' அதை உடைக்கிறது. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று பள்ளியில் படித்தவர்கள் நாம். ஆகவே 'ல' என்று ஒரு வரி தொடங்கினால், அது மேலிருந்து ஒடிந்து விழுந்த துண்டு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தட்டச்சுப் பிழை என்று திருத்துநர் ஐயப்பட்டிருக்கலாம். அப்படி ஐயப்படுவது அவர் வேலையும்கூட. ஆனால் ஐயத்தைத் தீர்க்க வழி அந்தப் பக்கத்திலேயே இருந்தது. வரியில் இடம் போதாதபோதுதான் இயந்திரம் சொல்லை உடைக்கும். 'பெய்ய' என்ற மூன்றெழுத்துக்கு வலப்பக்கம் முழு வரியும் காலியாகக் கிடக்கிறது. இடம் இருந்தும் ஒரு சொல் உடைந்திருந்தால் உடைத்தவர் கவிஞர். இதற்கு இலக்கியப் பயிற்சிகூடத் தேவையில்லை, ஓர் அளவுகோல் போதும்.

அந்த 'ல' அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 'கம்மாக்கரையில', 'ஒத்தையில' என்று அடுத்த வரிகளின் சொல் முடிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மழை இல்லை என்று சொன்ன ஒலியே அவள் நிற்கும் இடத்தையும் அவள் தனிமையையும் சொல்கிறது. 'பெய்யவில்லை', 'கரையில்', 'ஒற்றையில்' என்று மாற்றியபின் அந்த ஒலித்தொடர் போய்விட்டது. 'ஒற்றையில் நிற்கிறாள்' என்று எந்த ஊரில் பேசுகிறார்கள்? எழுத்துத் தமிழ் என்றால் 'தனியாக' என்றிருக்க வேண்டும். பேச்சென்றால் 'ஒத்தையில'. உங்கள் நூலில் இருப்பது இரண்டுமில்லை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி.

எனக்கு ஆறவே ஆறாதது 'மானம்'. மழையை மட்டும் நம்பியிருக்கும் நிலத்தை அந்த ஊர்க்காரர்கள் 'மானம் பாத்த பூமி' என்பார்கள். அங்கே மானம் என்றால் வானம். மானம் என்றால் மானமும்தான். சொன்ன சொல் பொய்த்த கிழவி கம்மாக்கரையில் தனியாக நின்று எதைப் பார்க்கிறாள்? மழைக்காக வானத்தை, தன் வாக்குக்காக மானத்தை. கவிதை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்காகவே கட்டப்பட்டது. அதை 'வானத்தை' என்று திருத்தினீர்கள். உங்கள் நூலைப் பாடமாக வைத்த கல்லூரி ஒன்றில், 'அப்பத்தா எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறார்கள். விடை: வானம். கரிசலிலிருந்து வந்த ஒரு பிள்ளை தன் வீட்டுச் சொல்லை எழுதியிருந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணும் போயிருக்கும்.

இது தெரியாத சொல் என்று சொல்லாதீர்கள். வட்டாரச் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் 1982இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. எழுதிய ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போயிருக்கலாம். எதுவும் செய்யவில்லை, சிவப்பு மையை மட்டும் எடுத்தீர்கள்.

இத்தனை சொற்களைத் திருத்திய அந்தக் கண், திருத்த வேண்டியதைப் பார்த்ததா? பொருளடக்கப் பக்கத்தில் இந்தக் கவிதையின் தலைப்பு 'அபபத்தா' என்று புள்ளி விழாமல் அச்சாகியிருக்கிறது. மெய்ப்பு என்ற வேலையே அந்த ஒரு புள்ளிக்காகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டீர்கள்.

என்ன செய்திருக்க வேண்டும்? மூலப்படியின் தலையில் '9 வரி, 2 இடைவெளி' என்று பென்சிலால் குறித்திருக்க வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். படிப்பவர் சொற்களை மட்டுமல்ல, 'வரி முடிந்தது', 'ஒரு வரி வெற்று' என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'வருசம்', 'பாத்து', 'மானத்த' எல்லாம் ஒரே பேச்சின் ஒழுங்கில் இருப்பதை அப்போது காது கண்டுபிடித்திருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு 'பார்த்துக்கொண்டே' இருந்திருந்தால் அதுதான் ஐயத்துக்குரிய இடம். அங்கேயும் திருத்தக் கூடாது, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு உரியவரிடம் கேட்க வேண்டும். கவிஞர் இல்லையென்றால் அவர் கையெழுத்துப் படியைக் கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இருப்பதை இருக்கவிட வேண்டும். அடுத்த கை வந்து மாற்றாமலிருக்கச் சொல்லின் அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும்.

பழைய செய்யுளில் இப்படி நடந்திருந்தால்கூட மீட்டுவிடலாம். ஓலையில் வரி பிரிக்காமல் எழுதியிருந்த வெண்பாவைச் சீரும் தளையும் எதுகையும் பார்த்து மறுபடி நான்கு அடியாக்கிவிட முடியும். அடி எங்கே முடிகிறது என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. புதுக்கவிதைக்கு அந்தச் சாட்சி இல்லை. கவிஞர் எந்த இடத்தில் வரியை முறித்தாரோ, அந்தத் தாள் மட்டுமே சாட்சி. அந்தத் தாள் தொலைந்துவிட்டால், உங்கள் நான்கு வரிகளிலிருந்து அந்த ஒன்பது வரிகளை எந்த அறிஞராலும் திரும்ப எடுக்க முடியாது. நூலகங்களில் நிற்கப்போவது உங்கள் பதிப்புதான். என் தோழியின் கையெழுத்து ஒரு வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. சிதைந்த பாடல்களும் பல. அந்தப் புலமைக்கு இரண்டு பாட்டு எழுதிச் சேர்ப்பது பெரிய காரியமா? எழுதவில்லை. சிதைந்ததைச் சிதைந்தபடியே காட்டினார். அவர் முன்னிருந்தவை செல்லரித்த ஓலைகள். உங்கள் முன்னிருந்தது ஒரு பிழையும் இல்லாத தாள். இல்லாததை இட்டு நிரப்ப அவர் அஞ்சினார். இருந்ததை அழிக்க நீங்கள் அஞ்சவில்லை.

'மாணவர்க்கான நூல்' என்று எழுதினீர்களே, அதனால்தான் இது பொறுக்கவில்லை. வட்டாரக் கவிதைத் தொகுப்பு என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே வட்டாரத்தை ஒவ்வொரு சொல்லாக அடித்திருக்கிறீர்கள். உன் அப்பத்தா பேசியது பிழை என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். இதற்குத் தரப்படுத்தல் என்று பெயர் வைத்தீர்கள். செத்துப்போனவர் எழுதியதை, அவர் மகன் கையெழுத்திட்டுக் கேட்டுக்கொண்ட பிறகும், கேட்காமல் மாற்றியதற்கு வேறு பெயர் இருக்கிறது. அது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் பதிப்பை நிறுத்துங்கள். ஒன்பது வரியும் இரண்டு இடைவெளியும் மூலப்படி அச்சாகட்டும். விற்ற பிரதிகளுக்கும் கல்லூரிகளுக்கும் திருத்தத் தாள் போகட்டும். தொகுப்பில் இருக்கும் மற்றக் கவிஞர்களின் மூலப்படிகளையும் எடுத்துப் பாருங்கள். இந்தச் சிவப்பு மை ஒரு பக்கத்தோடு நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இவற்றில் எதையும் செய்ய முடியாது என்றால், ஒன்றையாவது செய்யுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து என் தோழியின் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த நான்கு வரிகளை அவர் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்