அந்த 72 ரூபாயை யார் தலையில் கட்டுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. லேத் பட்டறை, சிஎன்சி ஜாப் ஒர்க் என்று தொழில் செய்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள்.

போன வாரம் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் வீட்டுக்கு வந்தான். மூன்று சிஎன்சி டர்னிங் மெஷின், ஒரே ஷிப்ட். பம்ப் பாகங்களுக்கான வார்ப்புகளை வாடிக்கையாளரே அனுப்புவார், இவன் கடைந்து கொடுப்பான். உட்கார்ந்ததும், "வருஷக் கணக்கு முடிச்சதுல 3,60,000 ரூபாய் ஓவர்ஹெட் அண்டர் அப்சார்ப்டுன்னு வருதுங்க சார். மணி ரேட்டை 300ல இருந்து 372க்கு ஏத்தினாத்தான் தப்பிக்கலாம்னு ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றான்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துக் கணக்குப் பாடம் நடத்தியவன், காஸ்டிங் படித்தவன் அல்ல. "வாத்தியாருக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று அந்த ஆபீஸில் கேட்கலாம். ஆனால் இந்த 372 என்ற எண் வகுத்தல் கணக்கில் சரி, அர்த்தத்தில் தப்பு. இதே தப்பை வருஷா வருஷம் மார்ச் முடிந்ததும் பல பட்டறைகளில் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் 300 எப்படி வந்தது என்று பார்ப்போம். வாடகை, மெஷின் தேய்மானம், சூபர்வைசர் சம்பளம், கரண்ட், கூலன்ட், ஆயில், பராமரிப்பு, இன்சூரன்ஸ் இவையெல்லாம் எந்த ஒரு வேலையையும் சேர்ந்தவை அல்ல, எல்லா வேலைக்கும் பொது. இதுதான் மேற்செலவு. ஆபரேட்டர் கூலியையும் இன்சர்ட் செலவையும் அவன் ஒவ்வொரு வேலைக்கும் தனியாகப் போடுகிறான், அவை இந்தக் கணக்கில் இல்லை. கொட்டேஷன் இன்று கொடுக்க வேண்டும், கரண்ட் பில்லும் ரிப்பேர் பில்லும் பிறகுதான் வரும். ஆகவே வருஷ ஆரம்பத்திலேயே மேற்செலவை மதிப்பிட்டு, மெஷின் ஓடும் மணிகளால் வகுத்து, மணிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்கிறோம்.

அவன் மதிப்பிட்டது 18 லட்சம். மணிகளை 6,000 என்று எடுத்திருந்தான். ஒரு மெஷினுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி என்றால் மூன்றுக்கும் 7,200. ரிப்பேர், மின்தடை, ஆள் வராதது, வேலை இல்லாத நாள் என்று சாதாரணமாகப் போகிற 1,200 மணியைக் கழித்து 6,000 வைத்திருந்தான். இதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரன் என்ன ரேட் போடுகிறானோ அதையே நானும் போடுகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்தவன் வாடகையும் அவன் மெஷின் கடனும் உன்னுடையதைப் போல இருக்குமா? மூன்று மெஷினும் ஏறக்குறைய ஒரே வகை என்பதால் ஒரே ரேட் பொருந்துகிறது. ஒரு பழைய லேத்தும் ஒரு புது விஎம்சியும் கலந்திருந்தால் தனித்தனி ரேட் வேண்டியிருக்கும்.

வருஷக் கடைசியில் நடந்தது என்ன? செலவு 18,60,000. ஜாப் கார்டில் ஏறிய மணி 5,000. மணிக்கு 300 வீதம் வேலைகளின் மேல் ஏறிய மேற்செலவு 15,00,000. ஏறாமல் நின்றது 3,60,000. பாடப் புத்தகம் இதைக் குறை ஈர்ப்பு என்கிறது. ஆபீஸில் 18,60,000ஐ 5,000ஆல் வகுத்து 372 என்று சொல்லிவிட்டார்கள். ஏன் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருகிற செலவு எது, ஓடினால் மட்டும் வருகிற செலவு எது என்று 18 லட்சத்தையும் பிரிக்கச் சொன்னேன். வாடகை, தேய்மானம், சூபர்வைசர், இன்சூரன்ஸ், கரண்ட் பில்லில் உள்ள நிலைக்கட்டணம் எல்லாம் சேர்ந்து 15 லட்சம். யூனிட்டுக்கான கரண்ட் காசு, கூலன்ட், ஆயில், சில்லறைப் பராமரிப்பு 3 லட்சம். ஆக 300 ரூபாயில் 250 நிலையானது, 50 ஓடினால் வருவது.

"சார், 18 லட்சம் நினைச்சோம், 18,60,000 ஆச்சு. அறுபதாயிரம்தானே அதிகம்" என்றான். அங்கேதான் அவன் ஏமாந்தான். மெஷின் ஓடியது 5,000 மணிதான். அப்படியானால் ஓடும் செலவு 3 லட்சம் ஆகக் கூடாது, 2,50,000தான் ஆகியிருக்க வேண்டும். நிலையான 15 லட்சத்தோடு சேர்த்தால் 17,50,000. செலவானதோ 18,60,000. உண்மையான அதிகச் செலவு 1,10,000. மீதி 2,50,000, ஓடாத 1,000 மணிக்கு 250 வீதம் நின்றுபோன நிலைச்செலவு. ஒரே தொகைக்குள் இரண்டு வேறு வேறு நோய் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே மாத்திரையா?

1,10,000ஐத் தோண்டினோம். ஜூனில் கட்டிடக்காரர் வாடகையை மாதம் 4,000 ஏற்றியிருக்கிறார், பத்து மாதத்துக்கு 40,000. மூன்றாவது மெஷினின் ஸ்பிண்டில் பேரிங் போய், மாற்றியதற்கு 70,000. வாடகை இனி வருஷா வருஷம் வரும். பேரிங் அப்படி இல்லை.

அடுத்தது அந்த 1,000 மணி. நல்ல வேளையாக மெஷின் லாக் புக் எழுதி வைத்திருந்தான். கூட்டிப் பார்த்தபோது 420 மணி அதே ஸ்பிண்டில் ரிப்பேரில் போயிருந்தது, பேரிங் வருவதற்காக நின்ற நாட்களையும் சேர்த்து. 380 மணி வாடிக்கையாளர் வார்ப்பு அனுப்பாததால் மெஷினை நிறுத்தி வைத்தது. மீதி 200 மணிதான் எனக்கு ஆச்சரியம். அது சும்மா நின்ற நேரமே அல்ல. சின்னச் சின்ன லாட் வேலைகளுக்கு ஜா மாற்றி, டூல் வைத்து, முதல் பீஸ் எடுத்து அளந்து பார்க்கிற செட்டிங் நேரம். ஆபரேட்டர் அதை ஜாப் கார்டில் ஏற்றவில்லை, சைக்கிள் டைம் மட்டும் எழுதியிருக்கிறார். ஆனால் வருஷ ஆரம்பத்தில் 6,000 என்று போட்டபோது செட்டிங்கையும் சேர்த்துத்தான் போட்டிருந்தான்.

பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கீழே வகுக்கிற மணியில் செட்டிங் இருக்கிறது, ஜாப் கார்டில் எழுதுகிற மணியில் செட்டிங் இல்லை என்றால், பட்டறை நிறைய வேலையோடு ஓடினாலும் வருஷக் கடைசியில் குறை ஈர்ப்பு தானாகவே வரும். எல்லாரும் ஓய்வில்லாமல் உழைத்திருப்பார்கள், கணக்கு மட்டும் மெஷின் நின்றது என்று சொல்லும். அப்படி முரண்பட்டால் முதலில் ஜாப் கார்டைப் பாருங்கள். இவன் விஷயத்தில் 200 மணிக்கு 50,000 ரூபாய், வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்தது. இருபது பீஸ் லாட்டுக்கும் இருநூறு பீஸ் லாட்டுக்கும் பீஸ் ரேட் ஒன்றே போட்டால் வேறு என்ன ஆகும்?

இப்போது சொல்லுங்கள், 372 ரூபாய் ரேட் இதில் எதைச் சரிசெய்யும்? ஸ்பிண்டிலையா, வராத வார்ப்பையா, எழுதாத செட்டிங்கையா? எதையும் இல்லை. ஒழுங்காக வார்ப்பு அனுப்பி, ஒழுங்காகப் பணம் கொடுக்கிற வாடிக்கையாளரிடம், அவர் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத 72 ரூபாயைக் கூடுதலாகக் கேட்கிறோம். அவருக்கு அடுத்த தெருவிலேயே வேறு பட்டறை இருக்கிறது.

பள்ளி வேன் பகிர்ந்து பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கு இது தெரியும். நாலு பிள்ளைகள் நின்றுவிட்டால் மீதிப் பேர் பங்கு கூடும். கூடியதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் நிற்பார்கள். பங்கு இன்னும் கூடும். இவன் 372 போட்டு, அதனால் இன்னொரு 1,000 மணி வேலை போய்விட்டது என்று வையுங்கள். மூன்று மெஷினும் சேர்ந்து 4,000 மணி ஓடும். புது வாடகையோடு நிலைச்செலவு 15,48,000, ஓடும் செலவு 2,00,000. 4,000ஆல் வகுத்தால் 437 வரும். அடுத்த ஏப்ரலில் அதையும் ஏற்றச் சொல்வார்களா?

"போன பணம் போனதுதானுங்களே சார், அதை யார்கிட்ட வாங்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. யாரிடமும் வாங்க முடியாது. போன வருஷம் ஓடாத மெஷினுக்கான செலவு போன வருஷத்து லாபத்தில்தான் கழியும். இது வாத்தியார் சொல்வது மட்டும் அல்ல. சரக்கு மதிப்பீட்டுக்கான இந்தியக் கணக்கு நெறி ஏ.எஸ். 2 இதையே சொல்கிறது: நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான திறனை வைத்துத்தான் பங்கிட வேண்டும், உற்பத்தி குறைந்தது என்பதற்காக ஒவ்வொரு பொருளின் மேலும் கூட்டி ஏற்றக் கூடாது, ஏறாத தொகை அந்த ஆண்டின் செலவு. அவன் பட்டறையில் மார்ச் 31 அன்று 200 மணி வேலை முடிந்து, பில் போடாமல் கிடந்தது. அதையும் 372 வீதம் மதிப்பிட்டிருந்தார்கள். மெஷின் நின்றதால் 14,400 ரூபாய் சொத்து கூடிவிட்டதாம்! அதை 300க்கு மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்படியானால் இந்த வருஷ ரேட் என்ன? நிலைச்செலவு 15,48,000, வழக்கமான மணி 6,000, மணிக்கு 258. ஓடும் செலவு 50. பேரிங் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போகும் என்று வைத்தால் வருஷத்துக்கு 14,000, மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். மொத்தம் 310. ஏற்ற வேண்டியது பத்து ரூபாய். வாடகை ஏறியதைக் காட்டிக் கேட்டால் எந்த வாடிக்கையாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பிண்டில் சரியாகி, வார்ப்பும் ஒழுங்காக வந்து, செட்டிங்கையும் எழுதிய பிறகு, இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து 5,000 மணிதான் வருகிறது என்றால், 6,000 என்பது வழக்கம் அல்ல, ஆசை. அப்போதும் ரேட்டை ஏற்றிப் பயனில்லை. மூன்றாவது மெஷின் தேவையா, அதை விற்றுவிடலாமா என்று யோசிக்க வேண்டும். அது வேறு கணக்கு.

மறுநாள் அவன் ஜாப் கார்டில் செட்டிங் ஆரம்பம், செட்டிங் முடிவு என்று இரண்டு கட்டம் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்துவிட்டான். சிறிய லாட்டுக்குச் செட்டிங் கட்டணம் தனி என்று கொட்டேஷனில் ஒரு வரி போடுகிறான். வார்ப்பு தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் கேட்பதற்குத்தான் தயங்குகிறான், பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாராம். 380 மணிக்கு 95,000 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாளோடு வியாழக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறான்.