கேட்க வேண்டியது மணிக்கணக்கு

பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசையைக் கேட்டபடிதான் நமது கிளையின் காலை நேரம் தொடங்கும். அத்தகைய ஒரு காலையில் வாடிக்கையாளர் ஒருவர் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்க வந்திருந்தார். அவருடைய அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். வயது நாற்பதைக் கடந்தவர்; வணிகவியல் பட்டதாரி; தனியார் நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் விழவே, நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டார்.

“வேலை தேடவில்லையா?” என்று கேட்டோம். “போன வாரம் ஒரு அழைப்பு வந்தது, சார். கழக்கூட்டத்தில் கணக்கர் வேலை. பகுதிநேரமாக வர முடியுமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை” என்றார்.

அந்த அரை நிமிடத்தைப் பற்றியே இக்கட்டுரை. அவர் கேட்டதில் தவறில்லை. கேட்ட விதத்தில்தான் குறை இருந்தது என்பது நமது கருத்து.

முதலில், அழைத்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்கு ஆள் தேடி அழைப்பவர்களில் இரு வகையினர் உண்டு. ஒருவர் வேலை தரும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர். மற்றவர் ஆள்சேர்ப்பு முகவர். முகவருக்கு வேலை தரும் நிறுவனமே கட்டணம் தருகிறது. அக்கட்டணம் பெரும்பாலும், சேர்பவரின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்படுகிறது. சேர்ந்தவர் சில மாதங்களுக்குள் விலகிவிட்டால், கட்டணமின்றி வேறொருவரைத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கத்தில் உள்ளது. ஆகவே பகுதிநேரம் என்ற சொல், குறைந்த கட்டணமாகவும் பாதியில் விலகக்கூடிய ஆளாகவுமே அவர் காதில் விழுகிறது. மேலும், வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதிகாரம் இல்லாதவரிடம் ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்வியைக் கேட்டால், இல்லை என்பதே வரும்.

எனவே முகவரிடம் முடிவைக் கேட்கக் கூடாது. செய்தியைக் கொண்டுசெல்லும்படி கேட்க வேண்டும். “இந்தப் பணியின் நேரத்தை முடிவு செய்பவர் யார்? என் முன்மொழிவை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். தன்விவரக் குறிப்புடன் அவருக்கு அனுப்ப முடியுமா?” என்பதே பொருத்தமான கேள்வி.

எப்போது கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை வாய் திறக்காதிருப்பதே சாமர்த்தியம் என்று சிலர் அறிவுரை கூறுகின்றனர். நாம் அதை ஏற்கவில்லை. முழுநேரப் பணிக்கு இசைந்து, கடிதம் வந்தபின் நேரத்தைக் குறைக்கச் சொன்னால், நிறுவனம் அதை நம்பிக்கை மோசடியாகக் கருதும். நான்கு ஆண்டு இடைவெளியைப் பற்றி முதல் அழைப்பிலேயே கேட்கப் போகிறார்கள். அதற்கு விடையளிக்கும் இடமே இதைச் சொல்வதற்கு உரிய இடம். “குடும்பத்தில் ஒருவரைப் பராமரித்தேன், இப்போது படிப்படியாகத் திரும்ப விரும்புகிறேன், ஆறு மாதத்தில் முழுநேரத்துக்கு வந்துவிடுவேன்” என்ற மூன்று தொடர்கள் போதும். நோயாளியின் மருத்துவ விவரங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி முன்மொழிவுக்கு வருவோம். அந்த வாடிக்கையாளருடன் அமர்ந்து கணக்கிட்டோம். அவரிடம் கூறப்பட்ட பணிக்கு வாரம் 40 மணி நேரம். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 20,000. ஆக, வாரத்தில் ஒரு மணி நேரம் குறைந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் குறையும். மாமியாருக்கு இயன்முறை சிகிச்சை காலையில் நடக்கிறது. அதை முடித்துவிட்டு அவரால் பதினொரு மணிக்குப் பணியில் இருக்க முடியும். பதினொன்று முதல் நான்கு வரை என்றால் வாரம் 25 மணி, சம்பளம் 25,000. மூன்று மாதத்துக்குப் பின் ஐந்து மணி வரை என்றால் 30 மணி, 30,000. ஏழாம் மாதம் முழுநேரம். முதற்கட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 12,500 ஆகும். அதில் 12 விழுக்காடான 1,500 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்குச் செல்லும். நிறுவனமும் அதே அளவு செலுத்த வேண்டும். அவருடைய பழைய கணக்கு எண்ணிலேயே இது தொடரும்.

வீட்டுச் செலவுக்காக அவர் வைப்பிலிருந்து எடுக்க நினைத்தது மாதம் 20,000 ரூபாய். ஆக, முதற்கட்டச் சம்பளமே போதும். வைப்பை முறிக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், கிடைப்பது கிடைக்கட்டும் என்று கேட்கச் சென்றால், எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்பது நமக்கே தெரியாது.

நிறுவனத்தின் அச்சம் வேறு. வேலை நாளில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்பதே அது. கணக்குப் பிரிவில் தவற விடக்கூடாத தேதிகள் மாதத்தில் சிலவே: பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்த 7, ஜிஎஸ்டி விற்பனை விவரத்துக்கு 11, வருங்கால வைப்பு நிதிக்கு 15, ஜிஎஸ்டி மாதக் கணக்குக்கு 20. அந்தத் தேதிகளுக்கு முந்தைய நாள்களில் முழு நேரமும் இருப்பேன் என்று முன்மொழிவில் எழுதும்படி அவரிடம் சொன்னோம். மாதம் நான்கு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இசைந்தார். முன்மொழிவிலேயே வலுவான வரி அதுதான்.

பணிப் பகிர்வு இதனினும் கடினமானது. ஒரே பணியிடத்தை இருவர் பகிர்ந்துகொள்வதே அது. ஒருவர் திங்கள் முதல் புதன் நண்பகல் வரை, மற்றவர் புதன் நண்பகல் முதல் வெள்ளி வரை என்று பிரிக்கலாம். புதன்கிழமை இருவரும் ஒரு மணி நேரமாவது சேர்ந்திருந்து பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்பதால், நிறுவனத்துக்குச் செலவு சற்றுக் கூடும். இரண்டாம் ஆளைத் தேடும் வேலையை நிறுவனத்தின் தலையில் வைத்தால் முன்மொழிவு அங்கேயே நின்றுவிடும். இணையராக வரக்கூடியவரை நாமே அழைத்துச் செல்வது நல்லது. பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. வங்கியாளருக்கு இது புதிதன்று. பாதுகாப்பு அறையின் சாவிகள் இரு அலுவலர்களின் கூட்டுப் பொறுப்பில் உள்ளன. கை மாறும்போதெல்லாம் பதிவேட்டில் கையொப்பம் இடுகிறோம். எந்த வேலை எந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதை அதேபோல் எழுதி வைத்தால், பகிர்ந்த பணியிலும் பொறுப்பு தெளிவாகவே இருக்கும்.

நிறுவனம் இசைந்தபின் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, ஊழியராக அன்றி ‘ஆலோசகராக’ எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்போது வருவது சம்பளமன்று, தொழில்முறைக் கட்டணம். வருங்கால வைப்பு நிதி இல்லை. பணிக்கொடைக்கான சேவைக்காலமும் சேராது. பிற்பாடு வீட்டுக் கடனுக்கு வரும்போது, சம்பளச் சீட்டுக்குப் பதிலாக வருமான வரிக் கணக்குகளை வங்கி கேட்கும். இப்போதுதான் தொடங்கியவரிடம் அவை இரா. மற்றொன்று, 25 மணிக்குச் சம்பளம் வாங்கி 40 மணிக்கு உழைப்பது. முதல் மூன்று வாரங்கள் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்து வைத்தால் இது தெரிந்துவிடும். வாரத்துக்கு எத்தனை மணி, அதற்கேற்ற சம்பளம் எவ்வளவு, கூடுதல் நேரத்தை எப்படி ஈடுசெய்வது, மறுபரிசீலனை எந்தத் தேதியில் என்னும் நான்கும் நியமனக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தனிமனிதர் ஒருவர் பேரம் பேசியே பெற வேண்டியிருப்பது சரியா? பிரிட்டனில் சிறு குழந்தைகளின் பெற்றோர் வேலை நேர மாற்றம் கோரும் சட்ட உரிமையை 2003இல் பெற்றனர். முதியோரைப் பராமரிப்போருக்கு அது 2007இல் கிடைத்தது. 2024 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே எவரும் கோரலாம். நிறுவனம் மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். நம் நாட்டில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், விடுப்புக்குப் பின் இருதரப்பும் இசைந்தால் வீட்டிலிருந்து பணிபுரிய வழி செய்தது. முதியோரைப் பராமரிப்பவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே, அறுபது வயதைக் கடந்தோரின் விகிதம் நாட்டில் மிக அதிகமாக இருந்த மாநிலம் கேரளம்.

நம் வங்கித் துறையையும் விட்டுவைப்பதற்கில்லை. கிளைகளைத் துப்புரவு செய்யும் பகுதிநேர ஊழியர்களுக்கு இருதரப்பு ஒப்பந்தங்களில் தெளிவான படிநிலை உண்டு: வாரம் 6 முதல் 13 மணி வரை என்றால் ஊதிய விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு; 19 மணி வரை பாதி; 29 மணி வரை முக்கால்; அதற்கு மேல் முழு ஊதியம். மணிக்கேற்ப ஊதியம் தந்து ஒருவரை நிரந்தர ஊழியராக வைத்திருக்க நமக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. எழுத்தருக்கும் அலுவலருக்கும் மட்டும் அந்தப் படிநிலை இல்லை. பொதுத்துறை வங்கிகளில் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுகள் வரை ஊதியமில்லா நீண்ட விடுப்பு எடுக்கலாம். ஆனால் திரும்பும் நாளில் முழுநேரமாகத்தான் திரும்ப வேண்டும். வெளியே செல்லக் கதவு இருக்கிறது. ஏறி வரப் படிகள் இல்லை. துப்புரவு ஊழியருக்கு எழுதப்பட்ட அந்தப் பட்டியலை மற்ற பணிகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

அந்த வாடிக்கையாளர் தம் முன்மொழிவை எழுதி முடிப்பதற்குள் கழக்கூட்டத்துப் பணியிடம் நிரம்பிவிட்டது. அடுத்து அழைத்த முகவர் ஒருவர் அந்த ஒரு பக்கத்தை உரியவரிடம் சேர்த்தார். 25 மணிக்கு அந்நிறுவனம் இசையவில்லை. 30 மணிக்கு இசைந்தது. காலையில் ஒரு மணி நேரத்துக்குப் பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொண்டு அவர் பணியில் சேர்ந்தார். முறிக்க வந்த வைப்பு, முதிர்வுத் தேதி வரை நமது கிளையிலேயே இருக்கிறது.