மறைமுகத் தடையும் மனக்கலக்கமும்

நல்லூர்க் கந்தன் திருவிழா நிறைவெய்தி நான்கு கிழமைகள் கழிந்த ஒரு நாள், எமது மாணவர் ஒருவர் வாடிய முகத்துடன் வந்து தம் கைத்தொலைபேசியை எம்முன் நீட்டினார். தம் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பெயரால் அவரும் நண்பர்களும் ஒரு முகநூற் பக்கத்தை நடத்தி வருகின்றனர். "சேர், எங்கள் பக்கத்துக்கு ‘ஷேடோபேன்’ போட்டுவிட்டார்கள். ‘ரீச்’ 78 வீதம் விழுந்துவிட்டது. தடையை நீக்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபா கேட்கிறார், கடவுச்சொல்லையும் கேட்கிறார்" என்றார்.

‘ரீச்’ என்பது ஓர் இடுகையைக் கண்ட ஆட்களின் தொகை. ‘ஷேடோபேன்’ என்பது, உரியவருக்கு ஒரு சொல்லும் அறிவியாது அவர் இடுகைகளைப் பிறர் கண்ணிற்படாமல் மறைத்துவிடும் தடை. இவ்விரு சொற்களும் இன்று எம் மாணவரின் நாவிலே நாளாந்தம் புழங்குவதால், அன்று அவருடன் அமர்ந்து யாம் பார்த்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில், 78 வீதம் என்பது எதனோடு ஒப்பிட்ட கணக்கு என்று வினவினோம். முகநூல் கடந்த 28 நாள்களை அவற்றுக்கு முந்திய 28 நாள்களோடு ஒப்பிட்டுக் காட்டியிருந்தது. நல்லூர்த் திருவிழாவோ 25 நாள்கள். முந்திய பகுதி முழுவதும் தேரும் தீர்த்தமும். பிந்திய பகுதியில் நூலகக் கூட்டமும் கரப்பந்தாட்டமும். புலம்பெயர்ந்த உறவினரெல்லாம் திருவிழாப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்த நாள்களோடு சாதாரண நாள்களை ஒப்பிட்டால் வீழ்ச்சி தோன்றாது வேறென்ன தோன்றும்?

ஆகவே யூன் மாதத்து இடுகைகளை எடுக்கச் சொன்னோம். அவற்றின் எண்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தோம். கணித வகுப்பில் ‘இடையம்’ என்று கற்றது இதுவே. பலராற் பகிரப்பட்ட ஒரேயொரு காணொளி சராசரியை ஏமாற்றிவிடும். இடையத்தை அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. யூனில் இடையம் 1,400, திருவிழாவில் 6,000, இப்போது 1,300. யூனோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி ஏறத்தாழ 7 வீதமே. தம்பியின் முகம் சற்றே தெளிந்தது.

இன்னொன்றையும் ஈண்டுக் கவனித்தல் வேண்டும். ‘ரீச்’ ஆட்களை எண்ணுவது. ‘வியூஸ்’ பார்வைகளை எண்ணுவது. ஒருவர் மூன்று முறை பார்த்தால் முன்னையது ஒன்று, பின்னையது மூன்று. 2024 முதல் இன்ஸ்டகிராமும் முகநூலும் பார்வைக் கணக்கையே முன்னிறுத்தத் தொடங்கியுள்ளன. பழைய குறிப்பேட்டிலுள்ள ஓர் எண்ணைப் புதிய திரையிலுள்ள வேறோர் எண்ணோடு ஒப்பிட்டு அஞ்சுவோர் பலர்.

வீழ்ச்சி மெய்யானதே எனின், அடுத்த வினா: வீழ்ந்தது நாம் மட்டுமா, அயலாருமா? இதற்கு எம் நாடே சான்று. 2017 ஒக்டோபரில் முகநூல் நிறுவனம் இலங்கை, பொலிவியா, கம்போடியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா ஆகிய ஆறு நாடுகளில் ஒரு சோதனை நடத்திற்று. நண்பர்களின் இடுகைகளும் கட்டண விளம்பரங்களும் பிரதான ஓடையில் நின்றன. பக்கங்களின் இடுகைகள் ‘Explore’ எனும் தனி ஓடைக்குத் தள்ளப்பட்டன. சிலோவாக்கியாவின் பெரிய ஊடகப் பக்கங்கள் அறுபதில் விருப்பு, கருத்து, பகிர்வு ஆகியன நான்கிலொன்றாகக் குறைந்தன என்று அந்நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார். எவரும் குற்றமிழைக்கவில்லை, எவர்மீதும் தடையில்லை. வாசலே இடம் மாற்றப்பட்டிருந்தது. 2018 மார்ச் 1ஆம் திகதி நிறுவனம் சோதனையைக் கைவிட்டு, முன்கூட்டித் தெளிவாக அறிவிக்கத் தவறியதையும் ஒப்புக்கொண்டது.

ஒரு கிழமை கழியுமுன் கண்டிக் கலவரத்தை அடுத்து அரசாங்கம் முகநூலை முடக்கிற்று. மார்ச் நடுப்பகுதிவரை அது நீடித்தது. இவ்விரு வீழ்ச்சிகளும் ஒரே நாட்டில் நேர்ந்தனவாயினும் அவற்றின் உருவம் வேறு. சோதனையின்போது நாட்டின் எல்லாப் பக்கங்களும் ஒருங்கே தாழ்ந்து மாதக்கணக்கிற் கிடந்தன. முடக்கத்தின்போது உள்நாட்டுப் பார்வையாளர் அற்றுப்போக, கனடாவிலும் இலண்டனிலும் உள்ளோர் தடையின்றிப் பார்த்தனர். ஆதலின் அயலிலுள்ள மூன்று நான்கு பக்கத்தாரை விசாரித்து, பார்வையாளரை நாடு வாரியாகவும் பிரித்துப் பார்த்தால் பாதிக் கலக்கம் நீங்கிவிடும்.

மூன்றாவது, எம்மைப் பின்தொடர்வோரையும் தொடராதோரையும் பிரித்துப் பார்த்தல். இருசாராரும் மெல்ல மெல்லக் குறைந்தால் இடுகையின் சுவை குன்றியதெனலாம், அல்லது போட்டி மிகுந்ததெனலாம். பின்தொடர்வோர் அவ்வாறே நிற்க, ஏனையோர் மட்டும் ஒரே நாளில் அற்றுப்போனால், பிறருக்குப் பரிந்துரைக்கும் பட்டியலிலிருந்து கணக்கு நீக்கப்பட்டிருக்கலாம். இதனை ஊகிக்க வேண்டியதில்லை. இன்ஸ்டகிராம் அமைப்புகளில் ‘Account Status’ என்ற பகுதி உண்டு. தொழில்முறைக் கணக்குகளுக்குப் பரிந்துரைத் தகுதி உண்டா இல்லையா என்பதை அது 2022 டிசம்பர் முதல் கூறிவருகிறது. முகநூற் பக்கங்களுக்கு ‘Page Status’ உண்டு. குற்றமாகக் கருதப்பட்ட இடுகை அங்கே காட்டப்படும், மறுபரிசீலனையும் கோரலாம்.

தமிழர் இதில் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுளது. அந்நிறுவனம் ஆபத்தானவை எனக் கருதும் அமைப்புகளின் இரகசியப் பட்டியல் 2021 ஒக்டோபரில் வெளியாயிற்று. அதில் தமிழீழ விடுதலைப் புலிகளின் பெயரும் இருந்தது. நவம்பர் மாதத்து நினைவேந்தற் படங்களிற் கொடியோ உருவமோ காணப்பட்டால் அவை நீக்கப்படுவது இதனாலே. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் நீக்கப்பட்டதென்று பெரும்பாலும் அறிவித்தல் வரும். அறிவித்து நீக்குவது மறைமுகத் தடையாகாது.

எனில் மறைமுகத் தாழ்த்தலே இல்லையா? உண்டு. ஆவலைத் தூண்டி ஏமாற்றும் தலைப்புகளையும், "விருப்பிடுக, பகிர்க" என்று இரந்து நிற்கும் இடுகைகளையும் தாழ்த்துவதாக முகநூல் தானே 2021இல் வெளியிட்ட விதிகளிற் கூறியுள்ளது. ஒவ்வோர் இடுகைக்கும் அதனை அறிவிப்பதில்லை. ஆகவே அத்தகையன எம்மிடம் உளவா என்று யாமே எம் இடுகைகளைத் திரும்பப் படித்தல் வேண்டும்.

கட்டுக்கதைகளோ பல. "26 நண்பர்களுக்கு மட்டுமே காட்டுகிறார்கள், இதனைப் பிரதிசெய்து இடுக" என்ற செய்தி பல ஆண்டுகளாய்ச் சுற்றிவரும் பொய். நண்பரின் தொலைபேசியில் தேடி எம் இடுகை தோன்றாமை தடைக்குச் சான்றன்று. ஓடை ஆளுக்கு ஆள் வேறுபடும். இரண்டு நாள் இடுகையிடாதிருந்தால் தடை தானே நீங்குமென்பதும் ஆதாரமற்றது. ஏறியதும் இறங்கியதும் இயல்பாய் நிலைக்கு வர, ஓய்வுக்கு அப்புகழ் சேர்கிறது. காய்ச்சல் தணியும் நாளில் குடித்த கசாயத்துக்குப் பெயர் கிடைப்பது போலத்தான்!

எம் மாணவரின் பக்கத்தில் ‘Page Status’ குற்றமெதனையும் காட்டவில்லை. எஞ்சிய 7 வீதத்துக்கும் காரணம் தேடினோம். காணொளி இடுவதை அவர்கள் அம்மாதம் நிறுத்தியிருந்தனர். அதுவாக இருக்கலாம், சில இடுகைகளின் இயல்பான ஏற்றத்தாழ்வாகவும் இருக்கலாம். "அந்த ஆளுக்கு என்ன பதில் சொல்வது, சேர்?" என்றார். "கடவுச்சொல்லைக் கொடுத்தால் பக்கமே போய்விடும், தம்பி. முகநூலின் உள்ளே இருப்பவரன்றி வேறெவரும் தடையை நீக்க முடியாது, உங்களுக்கோ நீக்குவதற்குத் தடையுமில்லை" என்றோம்.

15,000 ரூபாவும் நிலையத்துப் பெட்டியிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு கொடியேறும் முன்னரே யூன் மாத இடையத்தைக் குறித்து வைப்பதாகச் சொல்லிச் சென்றார்.