ஓட்டை வாளியில் இரண்டு மணி நேரம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வீட்டுக் கணினியில் ஒரு பேட்டியை எடிட் செய்துகொண்டிருந்தேன். நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் பேட்டி அது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தது, லயத்து வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனது என்று அவர் பேசப் பேச, இருமலை வெட்டி, இடைவெளியைச் சுருக்கி, இரண்டு மணி நேரமாக நானும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தேன்.

வெளியே கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்கமான நாலு மணி மழை. ஒரே ஓர் இடி. வீட்டில் கட்டை விழுந்து, கரண்டு போய்விட்டது.

கட்டையைத் தூக்கிவிட்டு, கணினியைத் திரும்பப் போட்டால், எடிட் செய்த கோப்பு வெறுமை. ஒரு முறைகூட நான் 'சேவ்' செய்யவில்லை. கணினி மெதுவாக ஓடுகிறது என்று, தானாகச் சேமிக்கும் வசதியையும் எப்போதோ நானே அணைத்து வைத்திருந்தேன். ஆனால் பாட்டி பேசிய மூல ஒலிப்பதிவு, ரெக்கார்டரின் சின்ன கார்டில் அப்படியே இருந்தது.

எங்கள் ஒலிப்பதிவுப் பொறியாளர் அண்ணனிடம் மறுநாள் மாமாக் கடையில் புலம்பினேன்.

"ஏன் அண்ணே, எல்லாமே சிப்புதானே? ஒண்ணு மறந்துடுச்சு, ஒண்ணு மறக்கல?"

தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீ வேலை செஞ்சது ஓட்டை வாளியில. ரெக்கார்டர் எழுதுனது மூடி போட்ட ஜாடியில."

அன்று அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஓட்டை வாளி. கணினியிலும் கைப்பேசியிலும் நாம் 'ரேம்' என்று சொல்வது டைனமிக் ரேம். இதில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, தங்குவதற்கு ஒரு மிகச் சிறிய மின்தேக்கியும் கதவு மாதிரி ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் போதும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டின் யோசனை இது. 1968ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த வாளி ஒழுகும். மூடிய கதவின் வழியாகவும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஓர் ஆள் சுற்றிச் சுற்றி வந்து, எந்த வாளி நிறைந்திருந்தது என்று பார்த்து, அதை மறுபடி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். வழக்கமான ரேமில் ஒவ்வொரு வாளிக்கும் 64 மில்லி வினாடிக்கு ஒரு முறை இது நடக்கிறது. வினாடிக்கு ஏறக்குறைய 15 முறை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இரண்டு மணி நேர எடிட், ஒரு லட்சம் முறைக்கும் மேல் நிரப்பப்பட்டிருக்கிறது. கரண்டு போனதும் நிரப்பும் ஆளும் போய்விட்டார். அடுத்த சில வினாடிகளில் பாட்டியின் பேச்சில் நான் செய்த வெட்டும் ஒட்டும் ஒழுகிப் போயின.

இந்த வாளிக்கு இன்னொரு குணமும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை படித்ததும் அதே தகவலைத் திரும்ப எழுதி வைக்க வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கிறது.

"அப்போ ஒழுகாத வாளி செய்யலாமே?" என்று கேட்டேன்.

"இருக்கு. உன் கணினியிலயே இருக்கு. ஆனா கொஞ்சம்தான்" என்றார்.

அது ஸ்டேட்டிக் ரேம். இதில் வாளியே கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே சட்டம்: எதிரில் இருப்பவர் நின்றால் நீ உட்கார், அவர் உட்கார்ந்தால் நீ நில். முதலாமவர் நிற்கிறார், அதைப் பார்த்து இரண்டாமவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாமவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலாமவர் நின்றுகொண்டே இருக்கிறார். யாரும் வந்து நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இருக்கும் வரை ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பார்கள். படிப்பதற்கு எதையும் கவிழ்க்க வேண்டியதில்லை, யார் நிற்கிறார் என்று பார்த்தால் போதும். அதனால் மிக வேகம்.

ஆனால் அந்த இருவருக்கு நான்கு டிரான்சிஸ்டர், உள்ளே போகவும் வெளியே வரவும் கதவாக இரண்டு, ஆக ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர் வேண்டும். என் கணினியில் 16 ஜிகாபைட் ரேம் இருக்கிறது. அது ஏறக்குறைய 137 பில்லியன் பிட். அத்தனையையும் ஸ்டேட்டிக் ரேமில் செய்தால் 800 பில்லியனுக்கும் மேல் டிரான்சிஸ்டர் தேவை. இடமும் கட்டுப்படியாகாது, விலையும் கட்டுப்படியாகாது. அதனால் பிராசசருக்கு உள்ளேயே, கேச் என்ற பெயரில், 12 மெகாபைட் மட்டும் வைத்திருக்கிறார்கள். அடுத்த நொடியில் தேவைப்படப் போகும் தகவலின் நகல் அதில் இருக்கும்.

அந்தச் சின்ன இடம் எவ்வளவு முக்கியம் என்பதை வானொலிக் கணக்கில் சொல்கிறேன். 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்பை நாம் ஒரு வினாடி என்று நீட்டிக்கொள்வோம். நான் நிலையத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்கிறேன். மேசையில் இருந்தால், அதாவது பிராசசருக்கு மிக அருகில் உள்ள கேச்சில் இருந்தால், நாலைந்து வினாடியில் கைக்கு வரும். ரேமிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். பிளாஷிலிருந்து எடுக்க வேண்டுமானால் இரண்டு நாளுக்கும் மேல் ஆகும். நேரலையில் எதை மேசையிலேயே வைத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, அவ்வளவு மெதுவான பிளாஷ் எதற்கு? கரண்டு போனாலும் மறக்காததற்கு.

பிளாஷ் கார்டு, பென்டிரைவ், கைப்பேசியின் சேமிப்பு, எல்லாம் ஒரே இனம். ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா குழுவினர் 1980களில் உருவாக்கியது. இங்கே எலெக்ட்ரான்களை நான்கு பக்கமும் மின்காப்புச் சுவரால் மூடிய ஒரு சிறு அறைக்குள் அடைக்கிறார்கள். கதவு கிடையாது. ஏறக்குறைய 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து, சுவரின் ஊடாகவே தள்ளி உள்ளே அனுப்புகிறார்கள். அழுத்தம் நின்றதும் எலெக்ட்ரான்களால் சுலபமாக வெளியே வர முடியாது. அதனால்தான் பாட்டியின் குரல், இடி விழுந்த பிறகும் கார்டில் பத்திரமாக இருந்தது.

இதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு முறை எலெக்ட்ரான்கள் சுவரைக் கடக்கும்போதும் சுவர் கொஞ்சம் கெடுகிறது. இன்று பரவலாக உள்ள வகையில் ஓரிடத்தை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் முறை வரை அழித்து எழுதலாம். படம், பாட்டு, ஒலிப்பதிவு என்று வைப்பதற்கு அது தாராளம். ரேமின் வேலையை இதற்குக் கொடுத்தால், ஒரே இடத்தை வினாடிக்கு 100 முறை மாற்றினாலும் அரை நிமிடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். அதோடு ஓர் எழுத்தை மட்டும் அழிக்கவும் இதற்குத் தெரியாது, ஒரு பெரிய தொகுதியையே ஒரே அடியாக அழிக்கும். கேமரா பிளாஷ் வெட்டுவது போல மொத்தமாக அழிப்பதால்தான் அந்தப் பெயரே வந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. "அப்போ பென்டிரைவ்ல போட்டுட்டா கவலையே இல்ல, அண்ணே" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஜாடியும் ஒழுகும். மெதுவா ஒழுகும்."

அன்றிரவே அலமாரியைத் திறந்தேன். 2012ல், கல்லூரியில் ஊடகப் படிப்பு படித்தபோது, ஒரு பயிற்சிக்காக என் அம்மாச்சியைப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தேன். ஏழு கோப்புகள். அவர் தவறி எட்டு வருடமாகிறது. அந்தப் பென்டிரைவைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. இந்தக் கணினிகளை மாற்றிய ஓட்டத்தில் வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவுமில்லை.

முதல் நான்கு கோப்புகள் நகலாயின. ஐந்தாவதில் நகல் எடுக்கும் வேகம் படுத்துவிட்டது. ஆறாவதில் திரையில் இப்படி வந்தது: Data error (cyclic redundancy check).

அண்ணன் விளக்கினார். மலிவான பிளாஷில் ஒரே அறையில் மூன்று பிட்டை அடைப்பார்கள். அதற்கு எட்டு வெவ்வேறு அளவு எலெக்ட்ரான்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலே ஐந்தாம் அளவு நான்காம் அளவாகத் தெரியும். உள்ளே இருக்கும் பிழைதிருத்தும் கணக்கு சிலவற்றைச் சரிசெய்துவிடும். பலமுறை முயன்று படிப்பதால்தான் வேகம் குறைகிறது. அதனால் பழைய கோப்பு திடீரென்று மெதுவாகத் திறந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பிழைகள் கூடினால் கணக்கு கைவிடும், திரையில் அந்த வரி வரும். நிறைய முறை எழுதித் தேய்ந்த பிளாஷ் சீக்கிரம் கசியும். சூடும் கசிவை வேகப்படுத்தும். நம் ஊர் வெயிலில் கார் டேஷ்போர்டில் பென்டிரைவை விட்டுவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொருகிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தால் புதுப்பித்ததாகிவிடாது. ரேமுக்கு வினாடிக்கு 15 முறை நடப்பதை, பென்டிரைவுக்கு நாம்தான் செய்ய வேண்டும். கோப்புகளை வெளியே எடுத்து, திரும்ப எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. ஒரு நகலை ஹார்ட் டிஸ்கிலும் வைக்க வேண்டும், அதில் தகவல் காந்தமாகப் பதிவதால் இந்த வகைக் கசிவு இல்லை.

ஆறாவது கோப்பை வேறொரு கணினியில், மூன்று நாள் திரும்பத் திரும்ப முயன்று எடுத்தேன். நடுவில் பதினோரு வினாடி இரைச்சல் இருக்கிறது, போகட்டும். ஏழாவது திறக்கவே இல்லை. அதில் அம்மாச்சி தன் கல்யாணக் கதையைச் சொல்லியிருந்தார் என்று மட்டும் நினைவிருக்கிறது.

தோட்டத்துப் பாட்டியின் பேட்டியை மறுபடி உட்கார்ந்து எடிட் செய்தேன், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்துகொண்டே. மூலப்பதிவு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய பென்டிரைவ் கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.