அந்த 18 விநாடி

(இளைஞர் கழக மாலை நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, தங்கச்சிமாரே, பின்வரிசையில போனோட உட்கார்ந்திருக்கிற தம்பிமாரே,

"படிக்காத சனங்கதான் கண்டதையும் பார்வர்ட் பண்ணுது" என்று ஒரு பேச்சு இருக்கு. நான் அதை ஏற்க மாட்டேன். லயத்துல இருக்கிற அம்மாவும் பார்வர்ட் பண்றாங்க, கேம்பஸ்ல இருக்கிற நாமளும் பண்றோம். படிப்பு இல்லாததாலதான் மீம் பரவுது என்றால், படிச்சவங்க குரூப்பெல்லாம் அமைதியா இருந்திருக்கணுமே. எந்தக் குரூப்பு அப்படி இருக்கு?

ஆகவே மீம் ஏன் வேகமா ஓடுது என்ற கேள்விக்கு வேற பதில் தேடணும். அதுக்கு நமக்குப் பக்கத்துலயே நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்குவோம்.

2018 பெப்ரவரி 26, இரவு. அம்பாறை நகரத்துல ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருத்தர் கறியில ஏதோ கட்டியா இருக்குன்னு சத்தம் போடுறார். கூட்டம் சேருது. "சிங்கள ஆக்களுக்குப் பிள்ளை பிறக்காம இருக்க மாத்திரை போடுறீங்களா?" என்று காசாளரை நெருக்குறாங்க. அவர் தமிழ் பேசுற ஆள், சிங்களம் சரியா வராது. கேள்வி முழுசா விளங்கல. முன்னால நிற்கிற கூட்டமோ கொதிச்சுப் போய் நிற்குது. அரைகுறைச் சிங்களத்துல "ஆமா, போட்டோம்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிடுறார். அதை ஒருத்தர் போன்ல எடுத்துடுறார். மொத்தம் 18 விநாடி.

அன்றிரவே கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வீடியோ அம்பாறையோட நிற்கல. "பார்த்தீங்களா, ஒப்புக்கொண்டுட்டான்" என்ற தலைப்போட பேஸ்புக்கில நாடு முழுக்கப் போச்சு. பொலிஸ் 23,000 மாத்திரைகளைப் பிடிச்சதாக ஒரு பொய்யும் பரவிச்சு. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதிச்சுப் பார்த்தப்ப, அந்தக் கட்டி வெறும் மா. ஒருத்தரை நிரந்தரமா மலடாக்கிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

அந்த முடிவு வர்றதுக்குள்ள கண்டி மாவட்டம் எரிஞ்சிட்டிருந்தது. பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில வீதித் தகராறுல தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி, மார்ச் ஆரம்பத்துல இறந்துபோனார். தாக்கினவங்க முஸ்லிம் இளைஞர்கள். அது ஒரு குற்றம். பொலிஸ் ஆட்களைப் பிடிச்சது, நீதிமன்றம் பார்க்க வேண்டிய விஷயம். ஆனா "நம்ம இனத்தையே அழிக்கப் பார்க்கிறாங்க" என்ற எண்ணத்தை அந்த 18 விநாடி ஏற்கெனவே ஆயிரக்கணக்கான போன்கள்ல விதைச்சிருந்தது. திகனவில வீடுகள், கடைகள் கொளுத்தப்பட்டன. எரிஞ்ச வீட்டுக்குள்ள சிக்கி ஒரு இளைஞர் செத்துப்போனார். மார்ச் 6 அவசரகால நிலை. மார்ச் 7 பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம்.

இப்ப அந்த வீடியோவைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். தலைப்பை எடுத்துட்டு, சத்தத்தை மட்டும் கேட்டா என்ன இருக்கு? பயந்துபோன ஒரு மனுஷன், தனக்கு வராத மொழியில ஒரு பதில் சொல்றார். அவ்வளவுதான். குற்றம் தலைப்புலதான் இருக்கு. மீம் வேலை செய்ற விதமும் இதேதான். படம் சாட்சி மாதிரி நிற்கும், எழுத்து தீர்ப்பு சொல்லும். ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணுக்குள்ள போறதால, தீர்ப்பையும் நாமளே கண்ணால பார்த்த மாதிரி தோணும். எப்ப எடுத்தது, எங்க எடுத்தது, அதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க என்கிறதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். வெட்டுப்பட்டதாலதான் அது சின்னதா இருக்கு. சின்னதா இருக்கிறதாலதான் ஓடுது.

நாடு முடங்கிக் கிடந்த அதே வாரம், அமெரிக்காவில எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூணு பேரோட ஆய்வு ஒன்று 'சயன்ஸ்' இதழ்ல வெளிவந்தது. 2006 முதல் 2017 வரை ட்விட்டர்ல ஓடின செய்திகளைப் பார்த்திருந்தாங்க. 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் எடுத்தது. தானா இயங்குற கணக்குகளைக் கழிச்சுப் பார்த்தும் முடிவு மாறல, பரப்பினது மனுஷங்கதான். பொய்ச் செய்தி புதுசா இருக்கு, வாசிக்கிறவங்களுக்கு ஆச்சரியமும் அருவருப்பும் வருது என்று கண்டாங்க. உண்மை அநேகமா "கறியில மா கட்டி" மாதிரிதான் இருக்கும். அதை யாரு அனுப்புவா?

"இதுக்கு பேஸ்புக் தானே பொறுப்பு, எங்களை ஏன் சொல்றீங்க?" என்று கேட்கலாம். பேஸ்புக் பொறுப்புத்தான். 2020 மே மாசம் அந்தக் கம்பனியே இலங்கையில நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டது. கலவரத்தை முன்னின்று நடத்தினவங்களும் இருந்தாங்க. நாம விரலை நிறுத்திறதால அவங்க நிறுத்த மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு ஒரு கூட்டம் வேணும். அந்தக் கூட்டத்தை நம்ப வைக்கிற வேலையைச் சம்பளமில்லாம செய்றது பார்வர்ட் பண்ற கைதான்.

நிறுத்தினா பலன் இருக்கா? இருக்கு. 2020 ஏப்ரல்ல வட்ஸ்அப் ஒரு சின்ன மாற்றம் செய்தது. பல கை மாறி வந்த, ரெட்டை அம்புக்குறி போட்ட செய்தியை ஒரு நேரத்துல ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்றது. யாருக்கும் பாடம் நடத்தல, எதையும் தடை பண்ணல. அப்படியான செய்திகள் பரவுறது 70 சதவீதம் குறைஞ்சதாக வட்ஸ்அப் சொன்னது. திரும்பவும் ஒருக்கா அழுத்தணும் என்ற அந்தச் சின்னத் தாமதத்துக்கே பெரும்பாலானவங்க விட்டுட்டாங்க. அந்தத் தாமதத்தை நாமளே போட்டுக்கலாம்.

ரெட்டை அம்புக்குறியைக் கண்டா தலைப்பைக் கையால மறைச்சுப் பாருங்க. மிச்சம் இருக்கிறது எதைக் காட்டுது? வீடியோ தொடங்கிறதுக்கு முன்னாடி என்ன கேள்வி கேட்டிருப்பாங்க? இது பொய்யா இருந்தா யாரு வீட்டுக்கு அடி விழும்? கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளோ, ஒரு இனமோ பதிலா வந்தா, அனுப்பாதீங்க. அதே குரூப்புலயே "இது உண்மையா?" என்று கேட்டும் பிரயோசனம் இல்லை, அங்க எல்லாருக்கும் அதே பார்வர்ட்தான் வந்திருக்கும்.

நாம மலையகத்து ஆக்கள். பொலிஸ் ஸ்டேஷன்ல, ஆஸ்பத்திரியில, கச்சேரியில சிங்களத்துல கேள்வி கேட்டா, விளங்காமலே "ஒவ் மாத்தயா" என்று தலையாட்டுற தாத்தா, அம்மாயி நம்ம ஒவ்வொரு லயத்துலயும் இருக்காங்க. ஒரு பத்து விநாடி அதை வீடியோ எடுத்து, மேல ஒரு வரி எழுதினா, அவங்களும் எதை வேணும்னாலும் ஒப்புக்கொண்டவங்களா ஆயிடுவாங்க. அம்பாறைக் காசாளரோட நிலை என்னன்னு இந்த நாட்டுல வேற யாருக்கும் விளங்காட்டியும் நமக்கு விளங்கணும்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் குரூப்பைத் திறப்பீங்க. ரெட்டை அம்புக்குறியோட ஏதாவது ஒன்று கட்டாயம் கிடக்கும். அதுலயே ஆரம்பிங்க.