சுருக்கி எழுதினால் சுருக்கம் ஆகிவிடுமா?

நீளமான அறிக்கையை எடு, அத்தியாயத்துக்கு ஐந்து வரி வீதம் வெட்டு, முன்னால் ஒட்டு. நம் அலுவலகங்களில் ‘நிர்வாகச் சுருக்கம்’ என்று நடப்பது இதுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டால் மேலதிகாரி படித்துவிடுவார் என்றும் நம்புகிறார்கள். அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறைத்து, ஓரத்து வெள்ளையையும் தின்றுவிட்டு, ஒரு பக்கம் ஆக்கிவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இந்த நம்பிக்கை குமாஸ்தாக்களோடு நிற்கவில்லை, சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பின்னிணைப்பு ஒன்று, மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ‘ஏ4’ தாளில் 10 பக்கத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அதோடு விட்டிருந்தால் தேவலை. திட்ட விவரம், சூழலின் விவரம், எதிர்பார்க்கும் பாதிப்புகள், கண்காணிப்புத் திட்டம், கூடுதல் ஆய்வுகள், திட்டத்தின் நன்மைகள், மேலாண்மைத் திட்டம் என்று ஏழு அத்தியாயங்களும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும் சொல்கிறது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் மக்களுக்காக உள்ளூர் மொழியில் வைக்கப்படுவது இந்தச் சுருக்கம்தான். கருத்துச் சொல்ல அவர்களுக்குக் குறைந்தது 30 நாள் உண்டு. ‘என் நிலத்துக்கு என்ன ஆகும்’ என்று தேடுகிறவர் முதலில் திட்ட விவரத்தையும், அடுத்து மண், காற்று, நீர் பற்றிய பொது வர்ணனையையும் கடந்தாக வேண்டும். அவர் கேள்விக்கான பதில் மூன்றாவதாகத்தான் வரும். எழுதியவருக்கு வசதியான வரிசை அது. படிப்பவர் அதைக் கேட்கவில்லை.

மரக்காணத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. மரக்காணத்து உப்பளங்களும் தண்ணீருக்கு அடியில் போயின. இப்படி ஒரு மழைக்குப் பிறகு உப்பளத்தைப் பார்வையிட்டு வருகிற ஒருவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அளவுகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை.

வழக்கமான அறிக்கை எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘பொருள்: வெள்ளச் சேதம் – மரக்காணம் உப்பளங்கள் – அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.’ அதன் கீழ் ‘பார்வை’ என்று நான்கு கடித எண்கள். பிறகு ‘பார்வை 1-ல் காணும் கடிதத்தின்படி மேற்படி பகுதி நேரில் பார்வையிடப்பட்டது’ என்று ஒரு பத்தி. உப்பளம் எத்தனை ஏக்கர், பக்கிங்காம் கால்வாய் எங்கே போகிறது, எந்த மாதம் உப்பு எடுக்கிறார்கள் என்று இரண்டு பத்தி. கடைசியில் ‘தங்கள் மேலான கவனத்திற்கும் தக்க நடவடிக்கைக்கும் பணிந்து அனுப்பப்படுகிறது.’ தக்க நடவடிக்கை எது என்று கண்டுபிடிக்கும் வேலை படிப்பவர் தலையில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக்களை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவரிடம் இதைக் கொடுத்தால், ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கோப்பில் அந்தச் சொல் விழுந்தால், சுருக்கம் தோற்றது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே விஷயத்தை இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

‘வடிகால் வாயில் 300 மீட்டருக்கு மண் அள்ள அனுமதியும் 6 லட்சம் ரூபாயும் டிசம்பர் 31-க்குள் தேவை. அள்ளாவிட்டால் 150 ஏக்கர் பாத்தியில் ஜனவரியில் வேலை தொடங்க முடியாது. 200 கூலித் தொழிலாளர்களுக்கு வேலையில்லாக் காலம் நீளும். மோட்டார் வைத்து இறைப்பது இன்னொரு வழி. செலவு இரு மடங்கு, அடுத்த மழைக்கு மறுபடி நிற்கும். வேலை நடக்கும் இடம் கழுவெளிப் பறவைகள் சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கிறது; வரைபடம் இணைப்பில். கிழக்குப் பக்கத்துச் சேதத்தை இன்னும் அளக்கவில்லை, தண்ணீர் வடியவில்லை. அது இந்தக் கோரிக்கையை மாற்றாது.’

இந்தப் பத்தியை எந்த அறிக்கையிலிருந்தும் வெட்டி எடுத்திருக்க முடியாது. படிப்பவர் என்ன முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொண்டு எழுதியது இது. சரணாலய வரியைக் கவனியுங்கள். களத்துக்குப் போனவருக்கு அது தோன்றவே தோன்றாது. கையெழுத்துப் போடுகிறவருக்கோ முதல் சந்தேகமே அதுதான். கழுவெளி 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பதில் பக்கத்திலேயே இருந்தால் கோப்பு நகரும், இல்லாவிட்டால் வனத்துறைக்கு ஒரு கடிதம் போகும், ஜனவரி தாண்டிவிடும்.

எதை விடுவது என்பதையும் இதே கேள்விதான் தீர்மானிக்கிறது. கடல் நீரின் அடர்த்தி ஏறக்குறைய 3 டிகிரி போமே. வெயிலில் காய்ந்து 25 டிகிரியை நெருங்கினால்தான் பாத்தியில் உப்புப் படியத் தொடங்கும். தேக்கி வைத்த உப்புநீர் மழையில் நீர்த்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து காய்ச்ச வேண்டும், மண் புகுந்த பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும். உப்பளத்தை அறிந்தவருக்கு இதெல்லாம் உயிர். பத்து இடத்தில் எடுத்த டிகிரி அளவுகளை முதல் பக்கத்தில் ஏற்றத்தான் கை போகும். ஆட்சியருக்கு அதிலிருந்து வேண்டியது ஒரே ஒரு வரி: தண்ணீர் இன்று வடிந்தாலும் உப்பு விழப் பல வாரம் ஆகும், அதனால்தான் தேதி முக்கியம். அளவுகள் இணைப்புக்குப் போகட்டும், யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

வெட்டிச் சுருக்குவதில் முதலில் பலியாவது சந்தேகம். 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் பயணித்த கொலம்பியா விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோது, இறக்கையில் மோதிய நுரைத் துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் ஒரு படவில்லை தயாரித்தார்கள். அதன் தலைப்பு நிம்மதி தரும் தொனியில் இருந்தது. சோதனைக்குப் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், உண்மையான துண்டு 1,920 கன அங்குலமாக இருக்கலாம் என்ற தகவல், கடைசி உள்வரியில் சிறிய எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறியது. இப்படி எழுதிய முறையை விசாரணைக் குழுவும் கண்டித்தது. அங்கே தகவல் இருந்தது, பக்கமும் ஒன்றுதான். ‘நம் சோதனை இதற்குப் பொருந்தாது’ என்ற வரி தலைப்பில் ஏறவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஆக்கு என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை. குறிப்புக்கோப்பில் வழக்கின் வரலாறு முழுதும் இருந்தே ஆக வேண்டும். நாளை நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அது. நிவாரணப் பட்டியலில் ஒரு பெயரைச் சுருக்கினாலும் ஓர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்தின் 5,000 ரூபாய் மழைக்கால உதவி போகும். முழு அறிக்கை முழுதாக இருக்கட்டும். முதல் பக்கத்தைத் தனியாக, முடிந்தால் முதலிலேயே எழுதுங்கள். எழுதியதை அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘நீங்கள் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், எந்தத் தேதிக்குள்?’ என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் முதல் வரியை மாற்றுங்கள், எழுத்தின் அளவை அல்ல.

சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பின்னிணைப்பில் உள்ள ஏழு அத்தியாயப் பட்டியலை எடுத்துவிடுங்கள். எந்த ஊரில் எந்தத் தொழில் எவ்வளவு இழக்கும், எது இன்னும் அளக்கப்படவில்லை, மறுக்க வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.